சின்ன மளிகைக் கடையில் எந்தப் பலகையில் எதை வைப்பது

கேள்வி: "12-க்கு 24 அடி மளிகைக் கடை. கவுன்ட்டரை எடுத்துட்டு ரேக் போட்டேன், ஆளுங்க உள்ளே வந்து எடுத்துக்கட்டும்னு. ஆனா வர்றவங்க லிஸ்ட்ல இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு நேரா பில் போட வந்துடறாங்க. பக்கத்துல இருக்கிற பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. எப்படி அடுக்கினா கண்ணுல படும்?"

விநியோகஸ்தரிடம் சேல்ஸ்மேனாக இருந்து, பிறகு சின்னக் கடைகளுக்கு ரேக் அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். என் அனுபவம் மளிகை, ஸ்டேஷனரி, ஃபேன்சி ஸ்டோர் இவற்றோடு சரி. துணிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவுன்ட்டரை எடுத்த கடைகள் பலவற்றில் நான் பார்ப்பது இதுதான். ரேக் புதுசாக இருக்கும், அடுக்கு பழைய அடுக்காகவே இருக்கும். கவுன்ட்டர் இருந்தபோது சரக்கெல்லாம் கடைக்காரர் கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கியிருந்தது. அதிகம் போகிற சர்க்கரை, பருப்பு, எண்ணெய் கல்லாவுக்குப் பக்கத்தில். எப்போதாவது போகிறது உள்ளே, மேலே. அன்றைக்கு அது சரி, ஏனென்றால் எடுத்துக் கொடுத்தது நீங்கள். இன்றைக்கு எடுப்பவர் வாடிக்கையாளர். அதே ஒழுங்கு இருந்தால், அவருடைய லிஸ்ட் முழுவதும் வாசலிலிருந்து முதல் ஏழெட்டு அடிக்குள் முடிந்துவிடும். மிச்சக் கடையை அவர் பார்க்கவே தேவையில்லை.

வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் கடையை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தொடங்கியபோது, ஒரு பக்கம் உள்ளே விட்டு, எல்லா வரிசையையும் கடந்தால்தான் பில் போடும் இடம் வரும் என்று பாதையையே அமைத்துவிட்டார். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பன்னிரண்டு அடி அகலத்தில் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, மக்கள் எரிச்சலாகிவிடுவார்கள். ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தேடி வருகிற பொருள் உள்ளே இருக்க வேண்டும், தேடாத பொருள் அதற்குப் போகிற வழியில் இருக்க வேண்டும். அரிசி, எண்ணெய், பருப்பு, சர்க்கரை நான்கையும் கடைசிச் சுவருக்குக் கொண்டு போங்கள். பாலையும் முட்டையையும் மட்டும் வாசலிலேயே விடுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பாலைக் கடைக்கோடியில் வைப்பார்கள், அங்கே வருகிறவர்கள் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார்கள். உங்களிடம் காலை ஆறரைக்கு வண்டியை ஆஃப் பண்ணாமல் நின்று "ஒரு பால்" என்பவரை 24 அடி நடக்க வைத்தால், அவர் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போவார்.

அடுத்தது உயரம். என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ரேக் விற்க வருகிறவர்கள் ஐந்து, ஐந்தேகால் அடியைக் கண் மட்டம் என்று காட்டுவார்கள். அது நம் ஊர் அளவு இல்லை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அடி. கண் அதற்கு நாலைந்து அங்குலம் கீழே, நாலரை அடிக்குச் சற்று மேல். அது போக, நிற்கும்போது யாருடைய பார்வையும் நேர்கோட்டில் நிற்பதில்லை, கொஞ்சம் தாழ்ந்துதான் விழும். உங்கள் நடைவழி மூன்றடி என்று வைத்துக்கொண்டால், பின்னால் தள்ளி நின்று முழு ரேக்கையும் பார்க்க இடமும் இல்லை. ஆகவே பார்வை இயல்பாக விழுகிற பகுதி தரையிலிருந்து மூன்றடி முதல் நாலரை அடி வரை. கை நீட்டாமல், குனியாமல் எடுக்க வருவதும் அதே உயரம்தான்.

டேப் எடுத்து அளந்து பாருங்கள். பொருளின் முகம் பலகைக்கு மேலே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தரையிலிருந்து 36 அங்குலத்தில் ஒரு பலகை, 46 அங்குலத்தில் ஒரு பலகை போட்டால், எட்டு அங்குல உயரப் பாக்கெட்டுகள் 36 முதல் 44 வரையும், 46 முதல் 54 வரையும் நிற்கும். இந்த இரண்டு பலகைதான் உங்கள் கடையின் ரோட்டு முனை இடம். துளை போட்ட ஆங்கிள் ரேக்காக இருந்தால் போல்ட்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். நிறையக் கடைகளில் பலகை வந்த இடைவெளியிலேயே, 15 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். ஆறங்குல மசாலா பாக்கெட்டுக்கு மேலே ஒன்பது அங்குலம் வெறும் இருட்டு. இடைவெளியைக் குறைத்தால் ஒரு பலகை கூடுதலாகக் கிடைக்கும், மேல் பலகையின் நிழலும் கீழ்ப் பொருளின் மேல் அவ்வளவு விழாது. பாக்கெட் எடுக்க விரல் போக ஒன்றரை, இரண்டு அங்குலம் விட்டால் போதும்.

அந்த இரண்டு பலகையில் எதை வைப்பது? இங்கேதான் எல்லோரும் நன்றாகப் போகிற பொருளை வைக்கிறார்கள். உப்பும் துவரம்பருப்பும் அங்கே வேண்டாம். அவற்றை எங்கே வைத்தாலும் குனிந்து எடுப்பார்கள், லிஸ்டில் இருக்கிறதே. லிஸ்டில் இல்லாதது, ஆனால் பார்த்தால் "அட, இது வீட்டில் தீர்ந்துபோச்சே" என்றோ "இதை ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம்" என்றோ தோன்றக்கூடியது, அதே சமயம் உங்களுக்கு நாலு காசு நிற்கக்கூடியது, அதுதான் அங்கே வர வேண்டும். வத்தல், வடகம், ஊறுகாய், இட்லிப் பொடி, வறுத்த வேர்க்கடலை, நீங்களே பாக்கெட் போடும் கசகசா, சோம்பு, ஏலக்காய் இந்த வகை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், ஐந்து கிலோ மாவு எல்லாம் கீழே. எடையுள்ளது கீழே இருப்பது ரேக்குக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. ஆறடிக்கு மேலே ஸ்டாக் மட்டும். நடுவில் தனியாக நிற்கும் ரேக் இருந்தால் அதை நாலரை அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். கல்லாவிலிருந்து கடை முழுக்கத் தெரிய வேண்டும், அது திருட்டுக்கும் காவல்.

பலரும் கேட்கிற இன்னொன்று, ஒரு பொருளை முன்வரிசையில் எத்தனை வைப்பது என்பது. கடைக்காரர் பேச்சில் இது முகம். சிகாகோவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் அலமாரியை மாற்றி மாற்றி வைத்து விற்பனையை அளந்த ஆய்வு ஒன்று 1994-ல் வெளிவந்தது. பொருள் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விற்பனையை அதிகம் அசைக்கிறது. முன்வரிசை எண்ணிக்கையைக் கூட்டுவதால், சரக்கு தீர்ந்துபோகாத அளவு இருக்கும் பட்சத்தில், பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று அதில் தெரிந்தது. அது வேறு ஊர், வேறு அளவுக் கடை. ஆனாலும் நான் பார்த்ததும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. முகம் ஒன்றிலிருந்து இரண்டாகும்போது வித்தியாசம் தெரியும். நான்கு ஆறாகும்போது தெரியாது.

உங்கள் மசாலா ரேக்கை வைத்தே கணக்குப் போடலாம். பலகை மூன்றடி அகலம், 36 அங்குலம். பாக்கெட் நாலங்குல அகலம் என்றால் ஒரு பலகைக்கு ஒன்பது முகம். ஆழம் 12 அங்குலம், பாக்கெட் கனம் ஒன்றரை அங்குலம், அப்படியானால் ஒரு முகத்துக்குப் பின்னால் எட்டு பாக்கெட் நிற்கும். சாம்பார் பொடி தினம் இரண்டு போகிறது, ஏஜென்சி வண்டி வாரம் ஒருமுறை வருகிறது என்றால் வாரத்துக்குப் 14. இரண்டு முகம் கொடுத்தால் 16 நிற்கிறது, சரியாகப் போய்விட்டது. மட்டன் மசாலா நாலு நாளைக்கு ஒன்றுதான் போகும்; அதற்கு ஒரு முகம், பின்னால் எட்டுக்குப் பதில் மூன்று போதும். மீதி ஆழத்தில் காலி அட்டைப்பெட்டியை வைத்துப் பாக்கெட்டை முன்னுக்குத் தள்ளிவிடுங்கள். பலகையின் விளிம்போடு ஒட்டி நிற்கும் ஒரு பாக்கெட், உள்ளே தள்ளிக் கிடக்கும் ஐந்து பாக்கெட்டை விட நன்றாகக் கண்ணில் படும். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் விளிம்புக்கு இழுத்துவிடுவது, காசு செலவில்லாத வேலை. இழுக்கும்போதே தேதி பார்த்து, முதலில் காலாவதி ஆகிறதை முன்னால் வைத்துவிடலாம்.

இந்த நல்ல பலகையைக் கேட்டு கம்பெனி ஆள் வருவார். டிஸ்ப்ளே ஸ்கீம் என்று மாதம் ஒரு தொகை, அல்லது கூடுதல் சரக்கு. பதிலுக்குக் கண் மட்டத்தில் மூன்றடி அவர்களுக்கு. வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள். பேச்சுக்கு, அவர்கள் 500 ரூபாய் தருகிறார்கள். அதே பலகையில் உங்கள் சொந்தப் பாக்கெட் தினம் நாலு கூடுதலாகப் போய், ஒன்றுக்கு எட்டு ரூபாய் நின்றால் மாதம் 960. அப்போது 500-க்குப் பலகையைக் கொடுப்பது நஷ்டம். ஸ்கீம் சரக்கும் நன்றாகப் போகும், அதிலும் லாபம் உண்டு என்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் வாசலைப் பார்த்த பக்கவாட்டு ரேக்கைக் கொடுத்துவிட்டு, நடு இரண்டு பலகையை நம்மிடமே வைத்துக்கொள்ளும்படிதான் நான் சொல்வேன். குளிர்பான கம்பெனி இலவசமாகத் தரும் ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதில் வேறு கம்பெனி பாட்டிலை வைக்க விடமாட்டார்கள், கரண்ட் பில் உங்களுடையது. அதை வாசலுக்கு வெளியே தூக்கி வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், குடிக்க வந்தவர் பிஸ்கட் ரேக்கைக் கடந்துதான் போவார். பின்புறம் சூடு வரும், பக்கத்தில் சாக்லேட் வேண்டாம்.

எதற்குப் பக்கத்தில் எது என்பதில் கம்பெனி வாரியாகவோ வகை வாரியாகவோ யோசிக்காமல், சமைக்கிறவர் யோசிக்கிற மாதிரி யோசித்தால் வழி தெரியும். சேமியா எடுக்கிற கை அடுத்து எதற்குப் போகும்? பாயசம் என்றால் முந்திரி, திராட்சை, ஏலக்காய். உப்புமா என்றால் கடுகு, உளுந்து. முந்திரியை 10 ரூபாய், 20 ரூபாய் பாக்கெட்டாகப் போட்டு சேமியாவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கிக் கம்பியில் தொங்கவிடுங்கள். மசாலா ரேக்கில் இருக்கும் ஏலக்காயை அங்கிருந்து எடுக்க வேண்டாம், இரண்டு இடத்திலும் இருக்கட்டும். புளிக்குப் பக்கத்தில் பெருங்காயம், டீத்தூளுக்குப் பக்கத்தில் பிஸ்கட், நோட்டுக்குப் பக்கத்தில் அட்டை போடும் பேப்பரும் லேபிளும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு மேசையில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, ஏலக்காய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். வெல்லம் வாங்க வந்தவர் நெய்யும் எடுப்பார். வருஷம் முழுக்க அந்த மேசையை அப்படியே விட்டால் அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள், விசேஷம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பக்கத்தில் வைக்கக் கூடாததும் உண்டு. டீத்தூள், ரவை, மைதா இவை வாசனையை இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி, சோப்பு, பினாயிலோடு ஒரே ரேக்கில் இருந்தால், கண்ணில் பட்டு வாங்கிப்போனவர் திரும்ப வரமாட்டார். நடுவில் குறைந்தது ஒரு ரேக் இடைவெளி, முடிந்தால் எதிர்ச் சுவர்.

இனி உங்கள் கடையில் அநேகமாக இருக்கும் என்று நான் நினைக்கிற ஒன்று: சரம். ஷாம்பு, காபித்தூள், பாக்கு, ஊறுகாய் என்று சரம் சரமாக ரேக்கின் மேல் கம்பியில் தொங்கும். அறுத்துக் கொடுக்க வசதிதான், ஆனால் ஒரு சரம் இரண்டு அடி இறங்கும். ஆறடியில் கட்டினால் நாலடி வரை வந்து, நாம் இவ்வளவு நேரம் பேசிய பலகையையே மறைக்கும். வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில், அவர் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்று பாருங்கள். சரத்துக்குப் பின்னால் எத்தனை பொருள் பாதியாகத் தெரிகிறது என்று புரியும். சரங்களைக் கல்லாவுக்குப் பின்சுவருக்கு மாற்றுங்கள். அவற்றைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

விளக்கும் இதோடு சேர்ந்தது. கடை நடுக்கூரையில் குறுக்காக ஒரு டியூப்லைட் இருந்தால், ரேக் முன்னால் நிற்பவரின் நிழல் ரேக்கின் மேலேயே விழும். நடைவழியின் நீளத்துக்கு இணையாக, ரேக்கிலிருந்து ஒன்றரை இரண்டு அடி முன்தள்ளி எல்ஈடி டியூபை மாற்றிக் கட்டினால் பாக்கெட்டின் முகத்தில் வெளிச்சம் விழும். நீல வெள்ளை வெளிச்சத்தில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளுத்துத் தெரியும், கொஞ்சம் இதமான வெள்ளை, 4000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பது, மளிகைக்கு நன்றாக இருக்கும். இது என் ருசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலையை மட்டும் பெரிதாக எழுதி பலகை விளிம்பில் ஒட்டுங்கள். எம்ஆர்பி பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். நடுத்தர வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, திருப்பி வைத்துவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எம்ஆர்பியை விடக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விலையையும் எழுதுங்கள்.

கல்லா மேசையில் முன்பு சில்லறைக்குப் பதில் மிட்டாய் போனது. இப்போது பாதிப் பேர் போனில் ஸ்கேன் பண்ணுகிறார்கள், கண் க்யூஆர் அட்டையின் மேல் இருக்கிறது. அதனால் அட்டையை கல்லாவின் மூலையில் ஒட்டாமல், ஒரு சின்ன ட்ரேயின் நடுவில் நிறுத்தி, சுற்றி ஐந்தாறு பொருள் மட்டும் வையுங்கள்: கடலை மிட்டாய், பேட்டரி, தீப்பெட்டி, பேனா, சாக்லேட். பணம் போய்ச் சேர்ந்தது என்று பெட்டி சொல்லும் வரைக்கும் அவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். முப்பது வகை ஜாடியை அடுக்கினால் அது வெறும் சுவர் மாதிரி ஆகிவிடும். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் மிட்டாயை வைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். விற்கும், சந்தேகமில்லை. ஆனால் அடம்பிடிக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போன அம்மா, அடுத்த முறை பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேறு கடைக்குப் போவார். நான் அதைச் சொல்வதில்லை.

இணையத்தில் உறுதியாகச் சொல்லப்படும் சிலவற்றை நான் அவ்வளவு நம்புவதில்லை. கடைக்குள் வருகிறவர் எப்போதும் வலப்பக்கம் திரும்புவார் என்பது ஒன்று. சின்னக் கடையில் கல்லா எந்தப் பக்கம், வாசல் எந்த ஓரத்தில், செருப்பை எங்கே விடுகிறார்கள் என்பதுதான் திருப்பத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் நின்று கவனித்தால் உங்கள் கடையின் பக்கம் தெரிந்துவிடும். வகையைக் குறைத்தால் விற்பனை ஏறும் என்பது இன்னொன்று. 24 வகை ஜாமை விட 6 வகை ஜாம் வைத்தபோது அதிகம் பேர் வாங்கினார்கள் என்று 2000-ல் வெளிவந்த ஆய்வு பிரபலம். பிறகு அது போன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியாக அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரு பாக்கெட்கூட நகராததை எடுங்கள், இடம் மிச்சமாகும் என்பதுதான் காரணம். வேறு தத்துவம் தேவையில்லை.

இதையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட வேண்டாம். எது வேலை செய்தது என்று தெரியாது, பழைய வாடிக்கையாளருக்கு உப்பு எங்கே என்றும் தெரியாது. முதலில் சரத்தை மாற்றி, ஒரே ஒரு ரேக்கின் இரண்டு பலகையை மட்டும் மாற்றுங்கள். அதில் வைக்கும் எட்டுப் பொருளுக்கு, மாற்றுவதற்கு முந்தைய மாதக் கணக்கை எடுங்கள்: ஆரம்ப இருப்பு, கூட்டல் வந்த சரக்கு, கழித்தல் கடைசி இருப்பு. பில் மெஷின் இருந்தால் அதிலேயே கிடைக்கும். மாற்றிய பிறகு அதே தேதிகளோடு ஒப்பிடுங்கள், ஒன்றாம் தேதி வாரத்தை இருபதாம் தேதி வாரத்தோடு அல்ல. சம்பள வாரத்தில் எப்படியும் ஏறும். தீபாவளி, பொங்கல் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த எட்டில் ஏறியதைப் பார்க்கும்போது, அதே வகையில் வேறு பலகையில் இருக்கும் பொருள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கம்பெனி ஊறுகாய் பத்து ஏறி இன்னொரு கம்பெனி ஊறுகாய் பத்து இறங்கியிருந்தால் வாடிக்கையாளர் கூடுதலாக எதையும் எடுக்கவில்லை, லாபம் அதிகமுள்ள பக்கம் போயிருந்தால் மட்டும் உங்களுக்கு ஆதாயம். இரண்டும் சேர்த்து ஏறியிருந்தால் அடுத்த ரேக்கைத் தொடலாம்.

வாசல் எந்தச் சுவரில், கல்லா எந்த மூலையில், தூண் ஏதாவது குறுக்கே இருக்கிறதா என்று ஒரு தாளில் வரைந்து போட்டோ போட்டீர்கள் என்றால், அரிசி எண்ணெய்க்கு எந்தச் சுவர் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.